இரண்டு விரல் இடைவெளி

போன திங்கட்கிழமை ஒரு பெட்டி என் அக்காவை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. கண் மருத்துவமனை வாசலில், ஊழியர்கள் முகம் காட்டி வருகையைப் பதியும் பெட்டி அது. அங்கே வரவேற்பு மேசையில் பல வருடமாக இருப்பவள், நுரையீரல் நோய்க்கு நீண்ட விடுப்பு எடுத்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பினாள். முகத்தைக் காட்டினாள், சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள், மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன் என்று காவலாளி நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா அப்படியே வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

நோய்க்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை செய்த வேலை அது. நோயைக் குறைத்தது, முகத்தைப் பூசணிக்காய் ஆக்கியது. மாத்திரையை நிறுத்தியபோது மருத்துவர், வீக்கம் மெல்ல வடியும் என்று சொன்னார். அக்கா நம்பவில்லை. கன்னத்தை மறைக்க, வழவழப்பான கறுப்பு ஹிஜாப் துணியைப் புருவம் வரை இழுத்து, தாடைக்கு அடியில் இறுக்கிப் பின் குத்திக்கொண்டாள். அன்று பெட்டி முன்னால் நின்றதும் அப்படித்தான். கட்டுவதையும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள். தலைத்துணிக் கடையில் நாள் முழுக்க ஊரார் தலைக்கெல்லாம் கட்டிவிடுகிற எனக்கு அக்காவின் தலையைத் தொட அனுமதி இல்லை.

இந்தத் திங்கட்கிழமை காலையில் கைபேசியை நீட்டினாள். வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

"அனுப்பிடட்டுமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அனுப்பு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் கட்டிவிடறேன். அப்பவும் பிடிக்கலைன்னா நானே அனுப்பி வைக்கிறேன்."

என்ன நினைத்தாளோ, கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னைக் கழற்றினேன். தாடைக்கு அடியில் துணி பதிந்த சிவப்புக் கோடு தெரிந்தது.

"அக்கா, நீ கன்னத்தை மறைக்கலை. கீழே இருந்து இறுக்கி மேலே பிதுக்கிக்கிட்டு இருக்கே. இப்படிக் கட்டினா என் கன்னமும் பன்னு மாதிரிதான் இருக்கும்."

"உன் வியாபாரப் பேச்செல்லாம் கடையோட வச்சுக்கோ."

துணிக்கு அடியில் போடும் உள்தொப்பியைப் புருவத்திலிருந்து மேலே ஏற்றி, நெற்றியைத் திறந்தேன். கறுப்புத் துணியை எடுத்து வைத்துவிட்டு, மினுக்கு இல்லாத மெல்லிய பருத்தித் துணியை, வெளிறிய செங்கல் நிறத்தில், ஒரு பக்கம் நீளமாக விட்டுப் போட்டேன். தாடைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும்படி விட்டுப் பின் குத்தினேன். நீளமான முனையைத் தாடைக்குக் கீழே தளர்வாக எதிர்ப்பக்கம் கொண்டுபோய், உச்சி வழியாக ஏற்றி, காதுக்கு மேலே செருகினேன். உச்சியில் துணியைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன், முகம் நீண்டு தெரியட்டும் என்று. கடைசியாக, கன்னத்தின் மேல் கிடந்த ஓரத்தை நெற்றியோரமாகப் பிடித்து, கண்ணின் வெளிமுனை வரை பின்னால் தள்ளினேன்.

அங்கேதான் என் கை நின்றது.

கண்ணுக்குக் கீழே, பழைய இடத்தில், கன்ன எலும்பு மேடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே மெல்லிய நிழல். வீக்கம் முழுக்க வடிந்திருக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் போயிருந்தது. எப்போதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? அக்காதான் தினமும் இறுக்கிக் கட்டி, தினமும் பிதுங்கிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நீ பண்ணின வேலையா?" அக்கா எலும்பை விரலால் தடவினாள்.

"நான் துணியைத்தான் ஒதுக்கினேன். எலும்பு உன்னோடதுதான்."

அவள் அழுதாள். சமையலறையிலிருந்து என்ன சத்தம் என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை, அக்கா வேலைக்குப் போகிறாள் என்றேன். அக்கா மறுக்கவில்லை.

நானும் கூடப் போனேன். வாசலில் வரிசை மெல்ல நகர்ந்தது. அக்காவின் முறை வந்ததும் அவள் கை தானாகக் கன்னத்துப் பக்கத் துணி ஓரத்தை முன்னால் இழுக்கப் போனது. பாதியில் நிறுத்தி, கையைக் கீழே விட்டாள். நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அக்காவின் பெயரும் பழைய படமும் வந்தன.

அவள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து மறுபடி முகத்தைக் காட்டினாள். மறுபடி பச்சை. மூன்றாம் முறையும் காட்டினாள்.

"ஒரு தடவை போதும் மேடம்," என்றார் காவலாளி.

"தெரியும்ணே," என்றாள் அக்கா, பெட்டியைப் பார்த்தபடியே.