மாஸ்டரின் நாலு

நர்சிங் கடைசி வருடத்தில் எழுதிய அசைன்மெண்டுகளில் ஒன்றுதான் இன்னும் என் மனதில் இருக்கிறது. மற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. பரீட்சை முடிந்ததும் காற்றோடு போய்விட்டன. இதற்குப் புத்தகம் உதவாது என்று டியூட்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். இனிக் குணமாகாது என்று தெரிந்த ஒருவரின் பக்கத்திலேயே இருந்து, அவர் வலியை மதிப்பிட்டு, எது அவருக்கு இதமாக இருக்கிறது என்று பார்த்து, வீட்டாரோடு பேசி எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தவர் மாஸ்டர்.

மாஸ்டர் நகராட்சி நீச்சல் குளத்தில் டைவிங் சொல்லிக்கொடுத்தவர். போட்டிகளில் நடுவர். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. கூடவே இருந்த மகளும் அவரிடமே டைவிங் கற்றவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த ஆஸ்பத்திரி அறையில் சதா குளத்துப் பேச்சுதான். குளோரின் வாடையும் ஈரச் சிமெண்டுத் தரையும் குதித்த பிறகு பலகை அதிரும் சத்தமும் எனக்கு அத்துப்படியாகிவிட்டன. இத்தனைக்கும் எனக்கு நீச்சலே தெரியாது. அப்படி ஒரு குளத்தங்கரையில் வளராமல் போனோமே என்று எனக்கு ஏக்கமாகக்கூட இருந்தது.

வலி சுத்தமாக இல்லையென்றால் பூஜ்யம், இதற்கு மேல் முடியாது என்றால் பத்து, இப்போது எத்தனை என்று தினமும் கேட்பேன். மாஸ்டர் யோசித்து "நாலு" என்பார். நானும் நாலு என்று எழுதிக்கொள்வேன். ஆனால் முகம் வேறு கணக்குச் சொன்னது. புரட்டிப் படுக்க வைக்கும்போது புருவம் நெரியும், கை போர்வையைக் கசக்கும். ராத்திரி தூக்கம் இல்லை.

வலி அடங்க மார்ஃபின் சிரப் ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நாலுதானே, அவரே தாங்கிக்கொள்கிறாரே என்றார். பதில் சொல்ல முந்தாதே, முதலில் கேள் என்று டியூட்டர் சொன்னது நினைவுக்கு வர, பக்கத்தில் உட்கார்ந்து, எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று கேட்டேன். அக்கா கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதைக் குடுத்தா அவ்ளோதான், போயிடுவாருன்னு சொல்றாங்க. போகலன்னாலும் தூங்கிட்டே இருப்பாரு. அப்புறம் நான் யார்கிட்டப் பேசுறது?"

அன்று சாயங்காலம் மாஸ்டரின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே, அக்கா குதித்ததற்கு எத்தனை மார்க் போட்டார் என்று கேட்டேன். கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா முந்திக்கொண்டார். கோப்பை வாங்கிய போட்டியில்கூட மற்ற நடுவர்கள் பத்துக்கு எட்டு, எட்டரை போட, இவர் ஆறு போட்டாராம். கஞ்சப் பிசினாறி என்று ஊரே திட்டியதாம். மாஸ்டர் பெருமையாகச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது.

"சார், உங்க நாலுன்னா எப்படி இருக்கும்?"

"நாலா? தூங்க முடியாது. உங்க கை பட்டாலே கத்தணும் போல இருக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டா ஓடிடும்."

"அப்ப பத்து?"

"பத்து எவனுக்கும் போட்டதில்லம்மா."

அக்காவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கட்டிலருகே வந்து, இத்தனை நாளும் ஏன்பா சொல்லவில்லை என்று கேட்டு அழுதார். தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார் அவர். மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவரையே கேட்டேன். "குடுங்க" என்றார்.

மறுநாள் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து பேசினார். குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றும் மருந்து ஆளைக் கொல்லாது; முதலில் கொஞ்சம் தூங்க வைக்கும், பிறகு தெளியும் என்றார். வலி வந்த பிறகு ஓடாமல், வேளை தவறாமல் கொடுத்தோம். உடம்பு துடைப்பதற்கு அரை மணி முன்னால் கூடுதலாக ஒரு வேளை; மலச்சிக்கல் வராமலிருக்க வேறொரு மருந்து. முழங்காலுக்கு அடியில் தலையணை. இரண்டு நாள் அசந்து தூங்கியவர் மூன்றாம் நாள் கண் விழித்து, குளத்தைப் பற்றி அக்காவோடு வாய் ஓயாமல் பேசினார். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் பேச்சு நின்றது. விழுங்க முடியாததால் மருந்து தோலுக்கடியில் சிறு ஊசி வழியாகப் போயிற்று. மூச்சில் களகளவென்று சத்தம் வர, ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அந்தச் சத்தம் நமக்குத்தான் பயம், அவருக்கு அது தெரியாது என்று அக்காவிடம் சொன்னேன். இனி அவரால் எண் சொல்ல முடியாது. நெற்றியையும் கையையும் பாருங்கள் என்றும் சொன்னேன்.

அக்கா குனிந்து அப்பாவின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். புருவத்தைத் தடவினார். போர்வையின் மேல் விரிந்து கிடந்த விரல்களைத் தொட்டார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"பூஜ்யம்" என்றார். "எழுதிக்கோம்மா."