ஊர் விடுபட்ட கணக்கு

குழந்தை உடுப்புக் கடைக்காரிக்கு இணைய விளம்பரங்களைப் பார்த்துக்கொள்வது மருமகள்தான். கடலோர நகரம் ஒன்றிலிருந்து யாரோ மாதம் தவறாமல் விளம்பரத்தைத் தட்டிப் பார்ப்பதாக அவள் சொன்னதும் மாமியாருக்கு வேலையே ஓடவில்லை. கோபித்துக்கொண்டு போன தங்கை இருப்பது அந்த நகரத்தில்.

"எப்ப இருந்துடி பார்க்கிறா? சண்டை போட்ட வருஷத்துல இருந்தேவா?"

"அங்க ஒரு ஊரே இருக்கு அத்தை. சித்திதான்னு எப்படிச் சொல்றது?"

"அவள விட்டா நம்ம கடைய அங்க யாரு தேடப்போறா? நீ பாரு."

விளம்பரத் தளம் ஊர்வாரியாகக் காட்டினாலும் பழைய விவரங்களைக் கொஞ்ச காலந்தான் வைத்திருக்கும். அதனால் மருமகள் மாதாமாதம் அவற்றை இறக்கிச் சேமித்துவந்தாள். இப்போது அந்தக் கோப்புகளைத் திறந்தாள். செலவு இருந்தது, எத்தனை பேர் தட்டினார்கள் என்பதும் இருந்தது. எந்த ஊர் என்பது மட்டும் இல்லை. இறக்கும்போது ஊர்வாரியாகப் பிரிக்க அவள் தேர்ந்தெடுக்கவே இல்லை. தளத்திலோ அந்த வருஷங்கள் போயேவிட்டன.

"என் புத்தி எங்க போச்சோ, அத்தை."

மாமியார் திரையில் பழைய மாதத்தின் மொத்த எண்ணை விரலால் தடவினாள்.

"இதுக்குள்ள அவ இருந்தாலும் இருப்பா, இல்ல?"

"இருக்கலாம், அத்தை."

"இந்த மாசத்துல இருந்து ஊரையும் சேர்த்து எடுத்து வை. அவ வந்துட்டுப் போறது எனக்குத் தெரியணும்."