பதிமூன்று மில்லிமீட்டர்

தெனாலியில் ஹைமாவதியும் அவள் ஓரகத்தி சிரிஷாவும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். இருவரும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள். சிரிஷாவுக்குக் கருப்பை உட்சுவர் ஐந்து மில்லிமீட்டர், கட்டி எதுவும் இல்லை. ஹைமாவதிக்குப் பதிமூன்று, வலது சினைப்பையில் இரண்டு சென்டிமீட்டர் நீர்க்கட்டி. வரும் வழியெல்லாம் மாமியார் சிரிஷாவின் ரிப்போர்ட்டையே மெச்சிக்கொண்டு வந்தார். ஹைமாவதிக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உனக்குக் கடைசியா எப்போ தூரமாச்சு?"

"இருபத்திரண்டு நாளாச்சு டாக்டரம்மா."

"சிரிஷாவுக்கு?"

"ஆறு நாள்தான் ஆச்சு."

டாக்டர் சிரித்தார். "தூரத்துக்கு முன்னாடி உட்சுவர் தடிக்கும், முடிஞ்சதும் மெலிசாயிடும். முட்டை வெளியே வந்த பிறகு மிஞ்சுற பைதான் இந்தக் கட்டி மாதிரி இருக்கு. தானா கரைஞ்சிடும். எதுக்கும் அடுத்த தூரம் முடிஞ்சதும் இன்னொரு தடவை பார்த்துடலாம். இந்த மாசம் உனக்கு முட்டை வந்திருக்கும்மா, அது நல்ல சேதிதானே."

வெளியே காத்திருந்த சிரிஷாவிடம் ஹைமாவதி எல்லாவற்றையும் சொன்னாள். சிரிஷா கேட்டாள், "அக்கா, எனக்கு இந்த மாசம் முட்டை வருமா?"

நேற்று முழுக்கப் பொறாமைப்பட்டது ஹைமாவதிக்கு வெட்கமாக இருந்தது.

"வரும்டி. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், உன்னுதும் பதிமூணாகும்."