பதினெட்டாம் தேதி மாத்திரை

பன்னிரண்டாம் தேதி காலையில், காபி ஆறிக்கொண்டிருந்த வேளையில், தையல்காரரை அவர் மனைவி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"என்னங்க இது?" என்று மாத்திரை அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பிரஷர் மாத்திரை."

"அது தெரியுது. இன்னிக்கு என்ன தேதி?"

"பன்னெண்டு."

"நீங்க எந்தத் தேதி மாத்திரையைச் சாப்பிட்டிருக்கீங்க?"

தையல்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். அட்டையின் பின்புற வெள்ளித்தாளில், ஒவ்வொரு மாத்திரையின் தலையிலும் ஒரு தேதி இருந்தது. முத்து முத்தான கையெழுத்து, மனைவியுடையதுதான். கடையில் துணிக்கு அடையாளம் போடுகிற கை, சும்மா இருக்குமா? மாதம் பிறந்தால் முப்பது மாத்திரைக்கும் முப்பது தேதி எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மறந்து இரண்டு தடவை விழுங்கிவிடக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. போன மாதம் வரை நாளுக்கு ஒரு மாத்திரை. ஒரு குறையுமில்லாமல் நடந்தது. இந்த மாதம் டாக்டர் ஒன்றரையாகக் கூட்டினார். பழக்கம் கையை விடுமா? இந்த மாதமும் முப்பது தேதி எழுதிவிட்டாள்.

இப்போது பதினெட்டாம் தேதி மாத்திரை வரைக்கும் காலி. பத்தொன்பதும் இருபதும் மட்டும் அந்த அட்டையில் ஒட்டிக்கொண்டு அவரைப் பார்த்தன.

"ஆறு மாத்திரை அதிகம்!" என்றாள் மனைவி. "ஆறு! மனுஷன் உடம்பா, மருந்துக்கடையா?"

"நான் தினமும் ஒன்றரைதான் போட்டுக்கறேன். டாக்டர் சொன்னபடி."

"அந்த அரையை எங்கேருந்து எடுத்தீங்க?"

"அடுத்த மாத்திரையை உடைச்சு."

"அடுத்த மாத்திரை அடுத்த நாளுடையது! நாளைய மாத்திரையை இன்னிக்கே தின்னா, நாளைக்கு என்ன செய்வீங்க?"

"நாளைக்கு, நாளன்னிக்கு உள்ளதை எடுப்பேன்."

அதைச் சொன்ன பிறகுதான், அது திருடன் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி இருப்பது அவருக்கே உறைத்தது.

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு போன் செய்தாள். அந்தப் போன்தான் தையல்காரருக்கு விழுந்த பெரிய அடி. பதினெட்டாம் தேதி அவர் தன் பழைய கூட்டாளிகளோடு ஏரிக்குப் போக வேண்டும். படகு, தூண்டில், ஆறு இரவு தங்கல், இருபத்து நாலில் திரும்பல். மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டு, இந்தத் தடவைதான் கடையைப் பூட்டிவிட்டுப் போக மனைவி தலையாட்டியிருந்தாள்.

"அண்ணா, இவர் வரமாட்டார்," என்றாள் போனில், கூட்டாளிகளின் தலைவரான தூண்டில்காரரிடம். "மாத்திரை கணக்கில்லாமப் போயிடுச்சு. ஏரியில மயங்கி விழுந்தா நீங்களா தூக்குவீங்க?"

தையல்காரர் அட்டையை மறுபடி திருப்பிப் பார்த்தார். தான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று உறுதியாகத் தெரியும். ஆனால் அட்டை பொய் சொல்லுமா? தூக்கத்தில் எழுந்து போய்த் தின்றிருப்பேனோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அரை மணி நேரத்தில் மனைவியின் தம்பி வந்துவிட்டான். குடும்பத்தில் ஒரு தும்மல் விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவன். அட்டையை வாங்கி ஆராய்ந்து, உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, விஷயம் நீ நினைக்கிறதைவிட மோசம். முப்பது மாத்திரை, ஒன்றரை. முப்பதைப் பெருக்கு ஒன்றரையால. நாற்பத்தஞ்சு நாள் வரணும். மாமா இப்போ எட்டு மாத்திரைதான் முடிச்சிருக்கணும்."

"நாற்பத்தஞ்சா!" என்று அக்கா அலறினாள்.

"மாப்ளே," என்றார் தையல்காரர், "அதிகமாச் சாப்பிட்டா அதிக நாள் வருமா?"

"நீங்க பேசாதீங்க மாமா. உங்க நிலைமையில பேசக் கூடாது."

மூவரும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார்கள். மருந்தாளர் அம்மா ஒரு குழந்தையின் சிரப்பை அளந்துகொண்டிருந்தார். முதலில் தையல்காரருடைய பிரஷரைப் பார்த்தார். சரியாக இருந்தது. மனைவி பேச ஆரம்பித்ததும் மறுபடி பார்த்தார், கொஞ்சம் ஏறியிருந்தது.

"அதிகமா எல்லாம் போட்டுக்கலைங்க," என்றார் மருந்தாளர். "ரெண்டு நாளைக்கு மூணு மாத்திரை. முப்பது மாத்திரையில பத்து மூணு இருக்கு. ஆக இருபது நாள்தான் வரும்."

"பெட்டியில முப்பதுன்னு போட்டிருக்கே," என்றாள் மனைவி.

"அது மாத்திரைங்கம்மா. நாள் இல்லை."

"நான் மாசக்கணக்கா எழுதிட்டு வரேன். ஒரு தேதி தப்பினது கிடையாது."

மருந்தாளருக்கு விளங்கவைக்கும் பொறுமை தீர்வதைப் பார்த்து, தையல்காரர் கடைசி முயற்சியாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, முப்பது மீட்டர் துணி இருக்கு. ஒரு பேண்ட்டுக்கு ஒன்றரை மீட்டர். எத்தனை பேண்ட்?"

"இருபது," என்றாள் மனைவி, கண்ணிமைக்காமல். "இதைப் போய்க் கேட்கணுமா?"

"முப்பது மீட்டருக்கு முப்பது பேண்ட் வெட்ட முடியாதா?"

"பைத்தியமா? ஒவ்வொண்ணும் முழங்காலோட நிக்கும்."

"நாற்பத்தஞ்சு பேண்ட்?"

"யார் சொன்னது அப்படி? அவனைக் கடைக்குள்ளேயே விடக் கூடாது."

தம்பி மருந்துக்கடைச் சுவரில் இருந்த பல்பசை விளம்பரத்தை உன்னிப்பாகப் படிக்கத் தொடங்கினான்.

மனைவி அட்டையைப் பார்த்தாள். பன்னிரண்டு பேண்ட்டுக்குப் பதினெட்டு மீட்டர். விரல்கள் காற்றில் துணி அளப்பது போல ஒருமுறை அசைந்தன. முகம் மெல்லச் சிவந்தது.

"மாத்திரை வேற, துணி வேற," என்றாள், குரல் இறங்கி. "சரி, ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சார். இருபது நாள்னா இருபத்தொண்ணு வரைக்கும் வரும்தானே?"

"ஒண்ணாந்தேதியும் ஒரு நாள்தானேம்மா, அதையும் சேர்த்துத்தான் எண்ணணும்," என்றார் மருந்தாளர். "இருபதாந்தேதி காலையில கடைசி ஒன்றரை. இருபத்தொண்ணு காலைக்குப் புதுப் பெட்டி கையில இருக்கணும். சீட்டுல டாக்டர் இன்னொரு பெட்டிக்கும் எழுதியிருக்கார். இப்பவே வாங்கிக்கலாம்."

"அப்போ ஏரியில இருபத்தொண்ணுலேருந்து நாலு நாளைக்குப் புதுப் பெட்டியில ஆறு மாத்திரை போதும்," என்று தையல்காரர் சத்தமாகக் கணக்குப் போட்டார். வெற்றி பெற்ற மனிதரின் குரல் அது.

"ஏரியா? ஏரிக்கு யார் போறா?" என்றாள் மனைவி. சொல்லி முடித்ததும்தான் காலையில் செய்த போன் நினைவுக்கு வந்தது.

கடை வாசலில் நின்று மறுபடி தூண்டில்காரரை அழைத்தாள். தையல்காரர் காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, மாத்திரை சரியாயிடுச்சு... யார் தப்பா? மாத்திரையோட தப்புதான்னு வெச்சுக்குங்களேன்... என்னது, இடத்தைக் கொடுத்துட்டீங்களா? யாருக்கு?"

அவள் முகத்தைப் பார்த்துத் தையல்காரர் இன்னும் நெருங்கி நின்றார். மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் இன்னும் பல்பசை விளம்பரத்தில்தான் இருந்தான்.

"டேய், நீயா?"

"காலையில கேட்டார்க்கா. மாமா வரமாட்டார்னு நீதானே சொன்னே. ஒரு இடம் வீணாப் போகுமேன்னு..."

"எப்போ கேட்டார்?"

"உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

"அதான் நாற்பத்தஞ்சா?"

மனைவி போனை மறுபடி காதில் வைத்தாள்.

"அண்ணா, அவன் வரலை. அவனுக்குப் பதினெட்டாம் தேதி கடையில வேலை இருக்கு. பேண்ட் வெட்டக் கத்துக்கப் போறான்."