படிவத்தில் எழுதாத மருந்து

பெரியாயியின் வாயிலிருந்து வந்த வாடையை எழுத எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. ஈரத் தேயிலைக் கொழுந்துச் சாக்கு நாலு நாள் மூலையில் கிடந்தால் ஒரு நாற்றம் வரும். அது இல்லை. நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக் கூரைக்குள் எலி செத்தால் ஒரு நாற்றம் வரும். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் எலியைத் தேடிப் பிடித்து வாலைத் தூக்கி எறிந்துவிடலாம். இது என் பெண்சாதியின் வாய்.

ரெண்டாயிரத்து எட்டாம் வருசம். அதற்கு ரெண்டு வருசம் முன்னால் கொழும்பில் அவளுக்கு ஒரு பக்கத்து மாரை எடுத்துவிட்டார்கள். லயத்தில் "கட்டி ஆப்பரேசன்" என்று சொல்லி வைத்தோம். அடுத்த வருசம் நோய் இடுப்பு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. மாசம் ஒரு தரம் கொழும்பு போய், கால் மணி நேரம் எலும்பு மருந்து ஏற்றிக்கொண்டு வருவாள். அது ஏற ஏற முதுகு வலி குறைந்தது. கூனிக்கொண்டு கிடந்தவள் எழுந்து அடுப்புப் பற்ற வைத்தாள். லயத்தில் கேட்டவர்களிடம், தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பாள்.

இத்தனை மறைவுக்கும் காரணம் எங்கள் மகள் ஜெயந்தினி. தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இருந்த கீழ்கணக்கு மாரிசாமி தன் மகன் நிஷாந்துக்கு அவளைக் கேட்டிருந்தார். பையன் பதுளையில் கடையில் வேலை. நல்ல இடம். தாய்க்குக் கேன்சர் என்று தெரிந்தால், அந்த ரத்தம்தானே மகளுக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் பேசுவார்கள். நானே அப்படிப் பேசியிருக்கிறேன்.

அந்த வருசம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வேனில் வந்த ஒரு கூட்டம். பெரியாயிக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பாதி இற்றுப்போய்க் குடைந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தது. எனக்கு வேண்டாம் என்றேன். நாற்பது வயசுக்கு மேல் கோயில் மண்டபத்து வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

சீனி வியாதி உண்டா, பிரஷர் உண்டா, நெஞ்சு வருத்தம் உண்டா. இல்லை, இல்லை, இல்லை. அது மூன்றும் நிசம். ரத்தம் நிற்காத வருத்தம் உண்டா. இல்லை. ஐந்தாவது கேள்வி: புற்றுநோய்க்கு வைத்தியம் செய்கிறீர்களா. ஆறாவது: ஆஸ்பத்திரியில் ஊசியாகவோ போத்தலிலோ மருந்து ஏற்றுகிறீர்களா.

என் தோளுக்கு மேலே மூச்சு விழுந்தது. திரும்பினால் மாரிசாமி. அவருக்கு எழுத்துத் தெரியாது.

"அட, பொன்னையா எழுதுறாரப்பா. கணக்கப்பிள்ளை வேலைக்கு மனுப் போடுற மாதிரி இருக்கே."

"சும்மா இருங்க சம்மந்தி."

"அஞ்சாவதுலே நிக்கிறீங்க. அதுலே என்ன கேக்கிறான்?"

"பேரு ஊருதான்," என்று சொல்லி இரண்டு இடத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். நல்ல வடிவான எழுத்து.

பல்லைப் பிடுங்கியவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டார், நாங்கள் இல்லை என்றோம், பிடுங்கினார். பிடுங்கிய பல்லையெல்லாம் ஒரு பச்சை வாளியில் போட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் வாளி நிறையப் பல்லும் ரத்தப் பஞ்சும், மேலே ஈ. அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து மேனேஜர் துரையும் நின்றார். பல்லைக் காட்டிச் சிரித்தார்.

ஒரு கிழமையில் ஆற வேண்டிய புண் ஆறவில்லை. ஒரு மாசம் ஆகியும் குழி அப்படியே இருந்தது. வெத்தலை போயிலையை உருட்டிக் குழிக்குள் அடைத்துக்கொண்டாள், வாடை தெரியாதாம். அதை மறுநாள் விரலால் தோண்டி எடுப்பாள். கறுப்பும் மஞ்சளுமாகச் சீழோடு வரும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை தந்தார்கள். குடிக்கும்வரை குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். ஒரு நாள் டோர்ச் லைட் அடித்துப் பார்த்தேன். பல் இருந்த இடத்தில் முரசுச் சதை விலகி, மஞ்சள் பூத்த எலும்பு தெரிந்தது. உயிரோடு இருக்கிறவள் வாய்க்குள் சுடுகாட்டில் பொறுக்குகிற மாதிரி ஒரு எலும்பு.

அன்றிலிருந்து நான் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காத்தோட்டமா இருக்கு என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாதா.

"வாசல்லே மழை அடிக்குது, உள்ளே வாங்க," என்பாள்.

"இருக்கட்டும்."

"நாத்தத்துக்கு மழை தேவலையோ?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

மாரிசாமி வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே பலகாரம் கொடுத்தாள். வெட்கம் என்று நினைப்பார்கள் என்று நம்பினோம். அறை முழுக்கச் சாம்பிராணி போட்டோம். சாம்பிராணியும் அந்த வாடையும் சேர்ந்தது இன்னும் கேவலமாக இருந்தது.

மூன்றாம் மாசம் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல்லும் வலிக்கத் தொடங்கியது. அதிலும் பெரிய சொத்தை. பெரியாயி சுவரில் தலையை முட்டினாள்.

"இதையும் பிடுங்கிப் போட்டுருங்க. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருங்க."

பசறை பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்தார்கள். பெரியாயி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பல் கிளினிக்கில் கதிரைக்குப் பக்கத்தில் ஆயுதத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது கருப்பம்மா. மாரிசாமியின் கொழுந்தியா, நிஷாந்துக்குச் சின்னம்மா. அங்கே அட்டெண்டனாக வேலை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் முறை என்று தெரியாது.

"அட, அண்ணனா? அண்ணிக்கு என்ன?" என்றாள்.

டொக்டர் விஜிதா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வலது பக்கத்தைப் பார்த்தார். விறைப்பூசி தட்டில் தயாராக இருந்தது. பிறகு இடது பக்கத்தைப் பார்த்தார். வாய் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பல்லு எப்ப பிடுங்கினது?"

"மூணு மாசங்க."

"மூண்டு மாசமா எலும்பு வெளியிலை கிடக்குது. தாடைக்கு எப்பவாவது கரண்ட், ரேடியேஷன் எண்டு வச்சவையோ?"

"இல்லைங்க."

"எலும்புக்கெண்டு மருந்து ஏத்துறவையோ? மாசத்துக்கு ஒருக்கா, கையிலை?"

பெரியாயி கண்ணை மூடிக்கொண்டாள். கருப்பம்மா என்னைப் பார்த்தாள். என் நாக்கில் அந்தப் பழைய வார்த்தை ரெடியாக வந்து நின்றது.

டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஐயா, நீங்கள் இல்லையெண்டு சொன்னா நான் இந்தப் பக்கத்துப் பல்லையும் இப்ப பிடுங்கிப்போடுவன். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கம் மாதிரி வரக்கூடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

தட்டில் கிடந்த பல் பிடுங்கும் குறட்டைப் பார்த்தேன். பச்சை வாளி ஞாபகம் வந்தது.

"கேன்சருங்க," என்றேன். "மாருலே. இப்ப எலும்புக்குப் போயிருச்சு. ஒரு வருசமா கொழும்புலே மருந்து ஏத்துறாங்க. முகாம்லே கேட்டாங்க. நான்தான் இல்லைன்னு எழுதினேன்."

கருப்பம்மாவின் தட்டில் ஏதோ கிணுங்கியது. அவ்வளவுதான்.

டொக்டர் ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார். சத்தம் போடவில்லை. பெரியாயியிடம் கிளினிக் கார்டு கேட்டார். ரவிக்கைக்குள்ளிருந்து நாலாய் மடித்த கார்டு வந்தது. மருந்தின் பெயரைப் படித்துத் தலையாட்டினார்.

"எலும்பு சும்மா இருக்கிறதில்லை அம்மா. பழசைத் தின்னும், புதுசைக் கட்டும். இந்த மருந்து தின்னுறதை நிப்பாட்டும். உங்கட இடுப்புக்கு அது நல்லது, அதாலைதான் நடக்கிறீங்கள். ஆனா பல்லுப் பிடுங்கினா தாடையெலும்பு பழசைக் களைஞ்சு புதுசாகித்தான் புண் மூடவேணும். அது ஏலாமல் அந்த இடம் செத்துப்போச்சு. எல்லாருக்கும் இப்படி வாறதில்லை. மாத்திரையா குடிக்கிறவைக்கு நல்லாக் குறைவு. உங்களை மாதிரி மாசாமாசம் ஏத்துறவைக்குத்தான் பயம்."

"மருந்தை நிப்பாட்டிட்டாப் போதுங்களா?"

"எலும்புக்குள்ளை போனது வருசக்கணக்கா இருக்கும். இண்டைக்கு நிப்பாட்டி நாளைக்குப் பல்லுப் பிடுங்கேலாது. நீங்களா நிப்பாட்டவும் கூடாது. நான் கொழும்பு டொக்டருக்குக் கடிதம் தாறன், அவர் முடிவெடுக்கட்டும்." கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "மருந்து துவங்க முன்னம் பல்லைக் காட்டச் சொல்லேல்லையோ?"

சொன்னார்கள். துண்டுச் சீட்டும் எழுதித் தந்தார்கள். பல் கிளினிக் போனால் ரெண்டு மூன்று நாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு நிற்க முடியாது, கங்காணி ஏன் என்று கேட்பான் என்று, அடுத்த தரம் போனபோது "காட்டியாச்சு" என்று சொன்னது நான்தான். அப்போதே காட்டியிருந்தால் அந்த ரெண்டு சொத்தையையும் எடுத்துப் புண் ஆறிய பிறகு மருந்தைத் தொடங்கியிருப்பார்கள். நான் தரையைப் பார்த்தேன். டொக்டருக்கு விளங்கிவிட்டது போல. வேறு கேட்கவில்லை.

வலது பல்லைப் பிடுங்கவில்லை. நாலு தரம் போனோம். படம் எடுத்தார்கள். பல்லுக்குள் இருந்த நரம்பைச் சுத்தம் செய்து மருந்து வைத்து அடைத்தார்கள். பிறகு மேல் பாதியை முரசோடு முரசாக ராவிவிட்டு, வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிட்டார்கள். முதல் தரத்தோடேயே வலி அடங்கியது. அன்றைக்கு பஸ்ஸிலேயே பெரியாயி தூங்கிவிட்டாள்.

இடது பக்கத்துக்கு மாத்திரையும், கொப்பளிக்க மருந்தும். வெத்தலை, போயிலை ரெண்டும் கூடாது. விரலோ ஈர்க்கோ போட்டுத் தோண்டவே கூடாது. "செத்த துண்டு தானாக் கழரட்டும், அவசரப்பட்டு வெட்டினா இன்னும் உள்ளை போகும்," என்றார் டொக்டர். கொழும்பில் கடிதத்தைப் பார்த்துவிட்டு எலும்பு மருந்தைச் சில மாசம் தள்ளிப் போட்டார்கள்.

இதற்கிடையில் மாரிசாமி ஆள் அனுப்பினார். சாதகம் பொருந்தவில்லையாம். ஜெயந்தினி மூன்று நாள் தாயோடு மட்டும் பேசவில்லை. அப்புறம் என்னோடு பேசவில்லை. அது இன்னும் முழுசாகத் தீரவில்லை. எனக்குக் கருப்பம்மா மேல் ஆத்திரமாக வந்தது. அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற முகத்தை நினைத்து நினைத்துத் திட்டினேன்.

ஆறாம் மாசம் எலும்பு ஆடத் தொடங்கியது. டொக்டர் சின்னக் குறட்டால் பிடித்துத் தூக்கினார். புளியங்கொட்டையில் பாதி இருக்கும், ஓரமெல்லாம் அரித்துப்போய், பச்சைக் கறை. அந்த வாடை கடைசி முறையாக அறை முழுக்க எழும்பியது. நான் மூக்கைப் பொத்திவிட்டு, உடனே கையை எடுத்தேன். பெரியாயி பார்த்துவிட்டாள்.

"பொத்திக்கங்க, பரவாயில்லை. எனக்கே நாறுது," என்றாள் வாயில் பஞ்சோடு.

அடியில் முரசு சிவப்பாக, சுத்தமாக மூடிக்கொண்டு வருவதை டொக்டர் காட்டினார். இனிமேல் எந்தப் பல்லுக்கும் முதலில் இங்கேதான் வரவேண்டும் என்றார். கார்டைக் காட்டாமல் யாரையும் வாயில் கை வைக்க விடக்கூடாது என்றார்.

வெளியே தண்ணிக் குழாயடியில் கருப்பம்மா நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

"அண்ணே, நில்லுங்க. நான் சொன்னேன்னு நினைச்சிருக்கீங்க."

"வேற யாரு சொல்றது?"

"யாருக்கும் நான் வாய் திறக்கலை. ஆஸ்பத்திரி விசயம் வெளியே சொன்னா எனக்கு வேலை போயிரும். சொல்லவும் அவசியமில்லை." குரலைக் குறைத்துக்கொண்டாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே நிஷாந்து அம்மா, எங்க அக்கா, தீர்மானம் பண்ணிட்டா. பலகாரம் கொடுக்கக் குனிஞ்சப்ப வந்த நாத்தத்துலே ரெண்டு நாள் சோறு எறங்கலையாம். என்னா நோவோன்னு பயந்துட்டாங்க. என்னான்னு சொல்லியிருந்தா, ஒருவேளை..."

பெரியாயி என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். முந்தானை மடியில் கிடந்தது. ஒரு அம்மா கூடையோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டது.

நான் வாயைத் திறக்குமுன் பெரியாயி முந்திக்கொண்டாள்.

"எனக்குக் கேன்சரும்மா. பல்லுக்குக் காட்டிட்டு வாறோம். இவர்கிட்டே கேட்டா வேற மாதிரி சொல்லுவாரு."