தெரியாதவர்களுக்கு இரண்டு மதிப்பெண்

கடந்த மூன்று வாரப் படிவங்களில், எடை குறைந்ததா என்ற கேள்விக்கு ஒரு நோயாளிகூட "தெரியலை" என்று சொல்லவில்லை. உணவியல் நிபுணர் படிவக் கட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். அத்தனை பேருக்கும் தங்கள் எடை அத்துப்படியாமா!

சத்துக்குறைவு உள்ள நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் அந்தப் படிவத்துக்காக ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவள் அவள். பெரிய டாக்டர் சொன்ன முறைக்கு உயரமும் எடையும் வேண்டும். படுத்த படுக்கையாக வருகிறவரை யார் தூக்கி நிறுத்துவது? இவள் கேட்டதோ இரண்டே கேள்வி. தானாக எடை குறைந்ததா? பசி குறைந்து சாப்பாடு குறைந்ததா? இரண்டு மதிப்பெண் சேர்ந்தால் அவளே வந்து முழுதாகப் பரிசோதிப்பாள். எடை பற்றி "தெரியலை" என்றாலே இரண்டு. தராசில் ஏறியே பார்க்காதவர்கள் நழுவிவிடக் கூடாதல்லவா? அன்று அவளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியது வார்டு தலைமை நர்ஸ் அக்கா மட்டும்தான்.

இன்று காலை அறுவை சிகிச்சை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். குடல் ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாகியும் ஒரு லாரி டிரைவருக்குக் காயம் ஆறவில்லை. போய்ப் பார்த்தாள். நெற்றிப்பொட்டு குழிந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கட்டிலில் தொங்கிய பெல்ட்டில் ஆணியால் குத்திய மூன்று புது ஓட்டைகள். அவருடைய படிவத்தில் சாப்பாடு குறைந்ததற்கு ஒன்று, எடைக்குப் பூஜ்யம். ஆக, ஒன்று. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எடை குறைஞ்சுதான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா. தெரியலைன்னேன். அப்போ இல்லைன்னே போட்டுக்கறேன்னாங்க."

மூன்று வாரப் படிவங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டோடு அக்காவின் அறைக்குப் போனாள். அக்கா மழுப்பக்கூட இல்லை.

"நான்தான் நர்ஸ் பொண்ணுங்ககிட்ட அப்படிப் போடச் சொன்னேன். படிவம் போட்ட முதல் நாளே உன்கிட்ட முப்பது பேர் வந்தாங்க. நீ ஒருத்தி என்னடி பண்ணுவே? முடியலைக்கான்னு என் தோள்ல சாஞ்சு அழுதது யாரு?"

அழுதது உண்மை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. மனம்விட்டுச் சொன்னதை எடுத்து, அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த படிவத்தின் கழுத்தை நெரித்திருக்கிறாள், கூடப் பிறக்காத அக்கா. எதிரி செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா. இன்னொரு ஆள் வேணும்னு நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தேனே. நேத்துதான் பதில் வந்துச்சு. ஒரு நாளைக்கு உங்ககிட்ட நாலு பேர்தானே வராங்க, எதுக்கு இன்னொருத்தர்னு."

"உனக்காகத்தான்டி செஞ்சேன்" என்றாள் அக்கா.

"அப்போ வாங்க, அந்த டிரைவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. இவளுக்கு வேலை குறையணும்னுதான் உங்களை விட்டுட்டோம்னு."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு தனியாக வார்டுக்குப் போய், முதல் கட்டிலிலிருந்து ஒவ்வொருவரிடமும் எடை குறைந்ததா என்று கேட்க ஆரம்பித்தாள்.