மீன் சாப்பாட்டின் இரண்டு விலைகள்

தென்காசி பழைய பஸ் நிலையத்தின் அருகே ரெபேக்காள் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தாள். மதிய நெரிசலில் தளவாய் போனில் அழைத்தார். ஓய்வு பெற்ற ஏட்டு அவர், மனைவி இல்லை. ஐந்து வருஷமாக மத்தியானம் அவள் கடையில்தான் சாப்பாடு. குற்றால அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டுப்போட்டு மேலகரத்து வீட்டில் கிடந்தார். ஓசூரிலிருந்து மகள் உமாராணி செயலி வழியாக அவருக்குச் சாப்பாடு வரவழைத்தாள். அன்றுதான் பில்லின் படத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள்.

“நூத்தி முப்பது ரூவா மீன் சாப்பாடு இருநூத்தி முப்பத்தெட்டா? கால் ஒடிஞ்சு கெடக்கான்னு தெரிஞ்சதும் ஏத்திட்டியே, ரெபேக்கா” என்றார். அவள் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவருக்கு ஆர்டர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பாடு கொண்டுபோகும் அஃப்சலிடம் கேட்டாள். அந்தப் பக்கம் போனபோது, ஜன்னல் ஓரம் ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றான். அன்றிரவு ஜெபத்திலும் அந்த ரொட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. செயலியில் விலையை ஏற்றியது உண்மை. போன வருஷமே, எல்லோருக்குமாக. கடைக்கு வந்து சாப்பிட்டவர்களிடம் அதை அவள் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் தூக்குவாளியோடு மேலகரம் போனாள். தளவாய் வாளியைப் பார்த்தார், தொடவில்லை.

“இதை மட்டும் படிங்க அண்ணாச்சி” என்று செயலிக் கம்பெனி அனுப்பிய கணக்கைப் போனில் காட்டினாள்.

வாக்குமூலம் படிப்பவரைப் போல இரண்டு முறை படித்தார். செயலியில் அவள் போட்ட விலை நூற்று எழுபத்தைந்து. அதில் கமிஷனும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் ஐம்பத்திரண்டு. அவள் கைக்கு நூற்று இருபத்து மூன்று. டப்பாவுக்கு எட்டு ரூபாய் போகும். பில்லில் மிச்சமெல்லாம் வரி, கொண்டுவரும் கூலி, செயலிக்கான தனிக் கட்டணம். எதுவும் அவளுக்கு வராது.

“அப்ப நான் கடைக்கு வந்து சாப்பிட்டாத்தான் ஒனக்கு அதிகமாக் கிடைக்குதா?”

“ஆமா அண்ணாச்சி. வெல ஏத்தாம நாலு மாசம் கொடுத்துப் பாத்தேன், கட்டுப்படி ஆகல. செயலிய விடவும் முடியல. சீசன்ல குத்தாலத்து லாட்ஜ்காரங்க அதுலதான் கேக்காங்க. ஒங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும்.”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தட்டை எடுத்து வரச் சொன்னார். சாப்பிட்டு முடித்து நூற்று முப்பதை எண்ணிக் கொடுத்தார். அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் முதல் அவர் தெரு வழியாகப் போகும் மினிபஸ்ஸில் தூக்குவாளி போனது. நடத்துநர் முத்துகுமரன் அதற்குக் காசு கேட்கவில்லை. வாசலில் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனாலும் செயலி ஆர்டர் வந்து போன் ஒலிக்கும்போதெல்லாம் ரெபேக்காளுக்கு மனசு உறுத்தியது. லாட்ஜில் இருப்பவர்களுக்கு யார் போய்க் கணக்குக் காட்டுவது? சாரலில் நனைந்தபடி அஃப்சல் காத்து நின்றான். முகம் தெரியாதவரின் டப்பாவில் இன்னொரு துண்டு மீன் வைத்து மூடினாள். அவனைக் கூப்பிட்டு டீ கொடுத்தாள்.